'நாம் அல்ல' எங்கே போயிற்று என்று கேட்பவர்களுக்கு



100ஆம் சங்கீதம் 3ஆம் வசனத்தில் 'நாம் அல்ல' என்பதைப் புதிய மொழிபெயர்ப்புகள் வெட்டிவிட்டன, இது சதி என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அத்திப்பட்டுக் குழுக்களில் சுற்றுகிறது. இதை நம்பி, ஒரே வீட்டில் இரண்டு வேதாகமம் வைத்திருப்பவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எழுதியவர் எபிரெயத்தில் அந்த இடத்தைப் பார்த்திருந்தால் 'சதி' என்ற சொல் வந்திருக்காது.

முதலில் 'அசானூ'. 'அசா' என்றால் செய்தார், கடைசி 'நூ' என்றால் நம்மை. 'அவர் நம்மை உண்டாக்கினார்' முழுவதும் ஒரே சொல். தமிழில் 'செய்தோம்' என்னும்போது செய்தவர் யார் என்பது வினையின் வாலில் இருக்கும். எபிரெயத்தில் யாரைச் செய்தார் என்பதும் வாலில் ஒட்டும். அதே 'நூ' எழுவாயாகவும் வரும்: 'அசீனூ' என்றால் நாம் செய்தோம். நடுவிலுள்ள உயிரொலிதான் வித்தியாசம். இதுவரை சண்டை இல்லை.

சண்டை அடுத்த சொல்லில். அது 'லோ'. லாமேத் எழுத்தோடு ஆலெப் சேர்ந்தால் 'அல்ல'. லாமேத்தோடு வாவ் சேர்ந்தால் 'அவருக்கு': 'ல' என்பது நம் 'கு' உருபு, 'ஓ' என்பது அவர். நாம் பெயருக்குப் பின் உருபை வைக்கிறோம். அவர்கள் உருபுக்குப் பின் பெயரை ஒட்டுகிறார்கள். இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றே. 119ஆம் சங்கீதத் தலைப்புகளில் நீங்கள் பார்க்கும் அதே எழுத்துகள்தான் இவை.

எபிரெயப் பிரதியின் வரியில் ஆலெப் இருக்கிறது. அதைப் படியெடுத்த மசோரேத்தியர் வரியைத் திருத்தாமல், வாவ் போட்டு வாசிக்கச் சொல்லி ஓரத்தில் குறித்தார்கள். ஆலெப் என்றால் 'நாம் அல்ல'. வாவ் என்றால் 'நாம் அவருக்குரியவர்கள்'.

எது சரி? தொடர்ந்து வரும் சொற்களைப் பாருங்கள். 'அம்மோ', அவர் ஜனம். 'மர்ஈத்தோ', அவர் மேய்ச்சல். இரண்டிலும் அதே 'ஓ' வால். 'லோ'வையும் வாவோடு வாசித்தால் அவருக்கு, அவர், அவர் என்று மூன்றும் ஒரே சரமாகக் கோக்கின்றன. 'அல்ல' என்று வாசித்தால் 'நம்மை உண்டாக்கியது' என்பதை நாமே மனதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு வாவ்தான் பொருத்தமாகப் படுகிறது.

அதற்காகப் பழைய மொழிபெயர்ப்பு பொய் என்று கிளம்பாதீர்கள். கிரேக்க செப்டுவஜிந்தும் 'அல்ல' என்றே வாசித்தது. 1871இல் வெளியான பவர் ஐயர் குழுவின் தமிழ் வேதாகமம் நிற்பதும் அந்தப் பழைய வழியில்தான். ஆனால் மற்ற வாசிப்பும் புதிதல்ல. எபிரெயத்திலிருந்து லத்தீனில் சங்கீதங்களைத் தந்த ஜெரோம் 'அவருக்குரியவர்கள்' என்றே எழுதினார். 1611இன் ஜேம்ஸ் அரசர் ஆங்கில வேதாகமம் 'அல்ல' என்று அச்சிட்டு, ஓரக்குறிப்பில் மற்றதையும் தந்தது. நானூறு ஆண்டுக்கு முன் ஓரத்தில் அச்சானதை இன்றைய சதி என்பது எந்த நியாயம்?

யாரும் எதையும் வெட்டவில்லை. ஒரே ஒலி, இரண்டு எழுத்து, இரண்டு வாசிப்பு. மறுக்க நினைப்பவர்கள் ஆலெப்பா வாவா என்று சொல்லி மறுங்கள், பதில் சொல்கிறேன். 'சதி' என்று மட்டும் சொல்லி இனி எனக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள்.