கனவில் வந்த பூனையும் வீட்டை விட்டுப் போன மதினியும்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் தம்பி மகள் போன் செய்தாள். "பெரியப்பா, விடியக்காலையில ஒரு கனவு. பூனை ஒண்ணு சத்தமில்லாம அடுக்களைக்குள்ள நுழைஞ்சு, பாலைக் குடிச்சிட்டுப் போயிட்டு. வீட்டுக்குள்ளயே திருடு இருக்குன்னு அர்த்தமாம். பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னாவ" என்றாள். அப்போது அவள் வீட்டில் மாப்பிள்ளையின் அக்கா பத்து நாளாகத் தங்கியிருந்தார். கைச்செலவுக்கு வைத்திருந்த பணத்தில் ஆயிரம் ரூபாய் குறைவது இவளுக்கு அன்றைக்குத்தான் கண்ணில் பட்டிருக்கிறது. கனவையும் கணக்கையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். அன்றே பீரோ சாவி இடுப்புக்குப் போய்விட்டது.

நான் அவளிடம் கேட்டது இரண்டே கேள்வி. "முந்தின நாள் பூனையைப் பார்த்தியா?" பார்த்திருக்கிறாள். ஜன்னல் வழியாக வந்ததை விளக்குமாற்றால் விரட்டியிருக்கிறாள். "பணம் எப்போ கடைசியா எண்ணின?" அது நினைவில்லை. மறுநாள் அவளே யோசித்துப் பார்த்ததில், கேஸ் சிலிண்டர் வந்த அன்று எடுத்துக் கொடுத்தது ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் சாவி இடம் மாறியதை மதினி கவனித்துவிட்டார். ஒரு வார்த்தை பேசாமல் சாயங்கால பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பிவிட்டார். இன்னும் திரும்பி வரவில்லை.

பூனை என்றால் கள்ளத்தனம், குரங்கு என்றால் சேட்டையும் சண்டையும் என்று கனவுக்குப் பலன் சொல்கிறோம். இது எல்லாருக்கும் பொதுவான அர்த்தமா? நம் வைணவத்தில் இதே இரண்டு பிராணிகளை வைத்துத்தான் சரணாகதியை விளக்கினார்கள். குரங்குக் குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்ளும். பக்தனும் அப்படிப் பிடிக்க வேண்டும் என்பது வடகலையாரின் மர்க்கட நியாயம். பூனைக்குட்டி சும்மா இருக்கும், தாயே வாயில் கவ்வித் தூக்கிப் போகும். பகவான் அப்படி நம்மைத் தூக்குவான் என்பது தென்கலையாரின் மார்ஜார நியாயம். அங்கே பூனைக்குத் திருட்டுப் பட்டமும் இல்லை, குரங்குக்குச் சேட்டைப் பட்டமும் இல்லை. குற்றாலக் குறவஞ்சியில் திரிகூடராசப்பக் கவிராயர் காட்டும் குரங்கும் பழத்தைக் கொடுத்து மந்தியோடு கொஞ்சுகிற குரங்குதான்.

குற்றாலம் பக்கம் குடியிருக்கும் என் பழைய மாணவன் ஒருவனுக்கும் இப்படித்தான். குரங்கு வீட்டுக்குள் வந்ததாகக் கனவு கண்டான். அவன் அம்மா "ஆஞ்சநேயரே வந்திருக்காரு" என்று வெற்றிலை மாலை சாத்தப் போனார். மாமியாரோ "வீட்டுல சண்டை வரும்" என்றார். கனவு ஒன்றுதான், பலன் இரண்டு. உண்மையில் சீசன் கூட்டம் கொடுக்கிற தீனிக்குப் பழகிய குரங்கு, முந்தின நாள் அவன் வீட்டு வாழைப்பழச் சீப்பைத் தூக்கிப் போயிருந்தது. பகலில் கண்டதும் பயந்ததும் ராத்திரி வேறு வேஷம் கட்டி வருவதுதான் பெரும்பாலான கனவு.

"விடியற்காலைக் கனவு பலிக்கும்னு சொல்றாங்களே சார்?" என்று கேட்பீர்கள். இதற்கும் காரணம் உண்டு. கண்மணி அசையும் உறக்கம் என்று ஒன்று இருக்கிறது. தெளிவான கனவுகள் அதில்தான் அதிகம் வரும். ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு முறை அது வந்து போகும். விடிய விடிய அதன் நேரம் நீளும். அதன் நடுவில் விழித்தால் கனவு அப்படியே நினைவில் நிற்கும். முன்னிரவில் கண்டது மறந்துவிடும். விடியற்காலைக் கனவு அதிகம் நினைவில் நிற்பதால், அதிகம் பலிப்பது போலத் தோன்றுகிறது. பலிக்காமல் போன கனவை யாரும் கணக்கு வைப்பதும் இல்லை.

கனவைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது மற்றவர்களைப் பற்றிச் சொல்லும் சாட்சி அல்ல, நம் மனசின் நிலையைக் காட்டும் சங்கதி. தம்பி மகளுக்கு வந்த கனவு சொன்னது, "விருந்தாளி வந்த நாளிலிருந்து செலவை நினைத்துப் பயப்படுகிறாய்" என்பதைத்தான். அதை மாப்பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அதற்குப் பதிலாகக் கனவை வைத்து மதினிக்குத் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

பூனை கனவில் வந்தால் காலையில் ஜன்னல் வலையைப் பாருங்கள். பால் பாத்திரத்தை மூடி வையுங்கள். சந்தேகம் என்றால் பணத்தை எண்ணிப் பாருங்கள். மனுஷர்களை எண்ணாதீர்கள்.

தம்பி மகளே, இதை நீயும் படிப்பாய் என்று தெரியும். உன் பெயரை எழுதவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை மதினி வீட்டுக்கு நீயே நேரில் போ. போனில் பேசினால் போதாது. துணைக்கு நானும் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் சார், திருவேங்கடம்