விரிப்பும் திரைச்சீலையும்

உறங்குவோரின் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களை உண்டு வாழும் தூசிப்பூச்சி எனும் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர் படுக்கை விரிப்பில் பெருகுவதால், அதை வாரம் ஒருமுறை துவைப்பதே முறை. குளிர்ந்த நீர் அப்பூச்சியின் கழிவை ஓரளவு அகற்றினாலும் பூச்சியைக் கொல்வதில்லை என்பதால், பருத்தி விரிப்புக்குச் சலவை இயந்திரத்தின் ‘காட்டன்’ சுழற்சியை 60 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும், ஹீட்டர் இல்லாத இயந்திரத்தால் நீரை அந்த அளவுக்குச் சூடாக்க இயலாது. திண்டு உறைகளை ஜிப்பை மூடி, உட்புறம் வெளியே வரத் திருப்பி, மாதம் ஒருமுறை 30 டிகிரியில் துவைத்தால் போதும். திரைச்சீலையை அடிக்கடி துவைப்பது வீண் வேலை. பெரும்பாலும் தூசியையே ஏற்கும் அது, கொக்கிகள் கழற்றப்பட்டு, டிரம் மெதுவாக அசையும் ‘டெலிகேட்’ என்ற மென்சுழற்சியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அலசப்பட்டால் தகும், ஆனால் வேகமாகப் பிழியப்பட்டால் பாலியெஸ்டர் துணியில் சுருக்கங்கள் நிலைத்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கேறும் சமையலறைத் திரைக்கு மட்டும் இக்கணக்கு பொருந்தாது.