குழாய் ஷாஃப்ட்தான் பலமா?

“கெட்டி ஷாஃப்டைவிடக் குழாய் ஷாஃப்ட்தான் பலம்.” பாலிடெக்னிக் வகுப்புகளிலும் தேர்வு வினாத்தாள்களிலும் பட்டறைப் பேச்சிலும் இந்த வாக்கியம் சட்டம்போல் நிலைத்துவிட்டது. லாரியின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் குழாயாக இருப்பதையும் கணக்கில் J என்ற எண் பெரிதாக வருவதையும் அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். இந்த வாக்கியம் பாதி உண்மை. எதை மாறாமல் வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது தவறான வடிவமைப்பில் கொண்டுபோய் நிறுத்தும். கோலார் தங்கவயலின் சுரங்கத்தில் சுழன்ற துளைக்கம்பியையும், மண் அள்ளும் இயந்திரங்களின் ஆக்ஸில் ஷாஃப்டையும் வைத்தே இதைச் சரிபார்க்கலாம்.

J என்பது துருவ நிலைமத் திருப்புத்திறன். முறுக்கை எதிர்ப்பதில் ஒரு வட்ட வெட்டுமுகத்தின் ஒவ்வொரு துளிப் பரப்பும் எவ்வளவு பங்கு தருகிறது என்பதன் கூட்டுத்தொகை அது. ஷாஃப்டை முறுக்கும்போது மையத்தில் தகைவு பூஜ்யம். வெளியே போகப்போக அது சீராக ஏறுகிறது. இரு மடங்கு தொலைவில் இருக்கும் உலோகம் இரு மடங்கு தகைவைச் சுமக்கிறது, அதோடு இரு மடங்கு நெம்புகோல் நீளத்திலும் நிற்கிறது. எனவே அதன் பங்கு நான்கு மடங்கு. இதைக் கூட்டினால் J = π(D⁴ − d⁴)/32. இதில் D வெளிவிட்டம், d உள்விட்டம். மையத்து உலோகம் சோம்பேறி என்று சொல்வது இதனால்தான். அந்தச் சொல் சரி. ஆனால் சோம்பேறியை வெளியேற்றினால் மிச்சமிருப்பவர்களின் பலம் கூடும் என்று முடிவு கட்டுவதுதான் முதல் பிழை.

சூத்திரத்தில் D⁴-இலிருந்து d⁴ கழிகிறது. கழித்தால் எண் குறையுமே தவிரக் கூடாது. வெளிவிட்டம் மாறாத வரை எந்தத் துளையும் ஷாஃப்டை வலிமையாக்குவதில்லை. அது எவ்வளவு குறைக்கிறது என்பது மட்டுமே கேள்வி. விட்டத்தில் பாதி அளவுக்குத் துளையிட்டால் எடையில் கால்பங்கு போகும், J-இல் பதினாறில் ஒரு பங்குதான் போகும். தங்கவயலில் நடந்த பாறை துளைக்கும் வேலை இதற்கு நல்ல உதாரணம். சுரங்கத்து ஜாக்ஹாமரில் மாட்டும் அறுகோணத் துளைக்கம்பியின் நடுவில் மெல்லிய ஓட்டை உண்டு. அந்த வழியே தண்ணீர் போய்த் துளையின் அடியில் தூசியை அடக்கும். சிலிக்கா தூசி நுரையீரலைத் தின்ற ஊரில் அந்த ஓட்டையின் அவசியத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. சுமார் 22 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கம்பியில் ஓட்டை ஆறேழு மில்லிமீட்டர்தான். நான்காம் அடுக்கில் கணக்கிட்டால் J-இல் ஏற்படும் இழப்பு ஒரு விழுக்காட்டைச் சுற்றியே நிற்கும். ஓட்டை போட்டது வலிமைக்காக அல்ல, தண்ணீருக்காக. அதற்குக் கொடுத்த விலை மிகச் சிறியது, அவ்வளவே. அந்தக் கம்பி முறிவதும் பெரும்பாலும் முறுக்கால் அல்ல. ஓயாத அடியின் சோர்வால் முறிகிறது. தண்ணீர் அரித்த உட்சுவரிலிருந்தே பல விரிசல்கள் தொடங்குகின்றன. J மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அந்த விரிசல் தெரியாது.

“நாங்கள் சொன்னது ஒரே எடையில்” என்று எதிர்த்தரப்பு பதில் சொல்லலாம். நியாயமான பதில், அதை எண்களில் பார்ப்போம். 60 மில்லிமீட்டர் கெட்டி ஷாஃப்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதே நீளம், அதே எஃகு, அதே எடையில் வெளியே 100, உள்ளே 80 மில்லிமீட்டர் கொண்ட குழாய் செய்யலாம். 100-இன் வர்க்கத்தில் 80-இன் வர்க்கத்தைக் கழித்தால் 60-இன் வர்க்கம் கிடைக்கும். இப்போது குழாயின் J கெட்டி ஷாஃப்டினுடையதைப் போல் 4.56 மடங்கு. இங்கேதான் இரண்டாவது பிழை நுழைகிறது. 4.56 என்பது விறைப்பின் கணக்கு. அதாவது, அதே முறுக்குவிசைக்குக் குழாய் அத்தனை மடங்கு குறைவாகத் திரும்பும். வலிமை என்பது வெளித்தோலில் தகைவு எவ்வளவு என்பது. அதற்கு J-ஐ வெளி ஆரத்தால் வகுக்க வேண்டும். குழாயின் ஆரமும் 30-இலிருந்து 50 ஆகிவிட்டதால் வலிமை ஏறியது 2.73 மடங்குதான். இதுவும் பெரிய ஆதாயமே. ஆனால் J ஏறிய அளவுக்கு முறுக்குவிசையையும் ஏற்றினால் தகைவு முன்பிருந்ததைவிட மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடும். ஷாஃப்டில் பாதுகாப்புக் காரணியாக வைத்த இடைவெளி முழுவதையும் அது தின்றுவிடலாம்.

“ஒரே எடையில் சுவரை இன்னும் மெல்லியதாக்கி விட்டத்தைப் பெரிதாக்கினால் என்ன?” என்பது அடுத்த வாதம். சூத்திரம் அதைத் தடுக்காது. அதே எடையை 3 மில்லிமீட்டர் சுவருடன் சுமார் 300 மில்லிமீட்டர் குழாயாக்கினால் J ஏறத்தாழ 50 மடங்காகும். சூத்திரத்தின் எல்லை இங்கேதான் தெரிகிறது. வெட்டுமுகம் வட்டமாகவே நிற்கும் என்பது அதன் அடிப்படை. சுவர் மிக மெலிந்தால் உலோகம் தன் வலிமையை எட்டும் முன்பே சாய்வான மடிப்புகளாகச் சுருங்கிவிடும். அப்படிச் செத்த குழாயை உடனே அடையாளம் காணலாம். கெட்டி ஷாஃப்ட் நீளும் தன்மையுள்ள எஃகாக இருந்தால் குறுக்கே தட்டையாக அறுபடும், மெல்லிய குழாய் சுருள்வரிசையாக மடிந்து கிடக்கும்.

அடுத்து, லாரியின் புரொப்பெல்லர் ஷாஃப்ட். அது குழாயாக இருப்பதற்கு முறுக்கு வலிமை முதன்மைக் காரணம் அல்ல. நீளமான ஷாஃப்ட் வேகமாகச் சுழலும்போது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நடுவில் வளைந்து சாட்டையடிக்கத் தொடங்கும். அந்த வேகத்தை இயங்கும் வேகத்துக்கு மேலே தள்ளியாக வேண்டும். நம் எடுத்துக்காட்டில், ஒரே நீளத்தில், குழாய்க்கு அந்த வேகம் கெட்டி ஷாஃப்டைவிட 2.1 மடங்குக்கும் மேல். வண்டிக்கு அடியில் 100 மில்லிமீட்டர் விட்டத்துக்கு இடமும் உண்டு. ஆகவே அங்கே குழாய் சரி.

இதற்கு நேர்மாறான நிலையை மண் அள்ளும் இயந்திரங்களில் பார்க்கலாம். 1964-இல் தொடங்கப்பட்ட பெமல் நிறுவனம் கோலார் தங்கவயலில் புல்டோசர், எக்ஸ்கவேட்டர் போன்ற கனரக இயந்திரங்களைச் செய்கிறது. சக்கர லோடர், டம்பர் போன்ற இயந்திரங்களில் சக்கரத்துக்கு முறுக்கைக் கொண்டுபோகும் ஆக்ஸில் ஷாஃப்ட் பொதுவாகக் கெட்டி. அது குட்டையானது, மெதுவாகச் சுழல்வது. ஆக்ஸில் கூட்டுக்குள்ளும் அதன் முனையில் உள்ள பற்சக்கரத்துக்குள்ளும் அடங்க வேண்டியிருப்பதால் வெளிவிட்டம் பூட்டப்பட்டுவிடுகிறது. அங்கே 60 மில்லிமீட்டருக்கு மேல் இடமில்லை என்று வைத்துக்கொள்வோம். அதே வெளிவிட்டத்தில் 48 மில்லிமீட்டர் துளையிட்டால் எஃகில் 64 விழுக்காடு மிச்சமாகும். ஆனால் வலிமையும் விறைப்பும் 59 விழுக்காடாக இறங்கும், வெளித்தோலின் தகைவு 1.7 மடங்காக ஏறும். எடையைக் குறைத்ததைப் பெருமையாகச் சொன்னவர் பாறைக் குவியலை முட்டும் முதல் லோடரில் முறிந்த ஷாஃப்டைக் கையில் வாங்க நேரும்.

ஆகவே அந்த வாக்கியத்தை இப்படித் திருத்தி வகுப்பில் சொல்லுங்கள்: எடை மாறாமல், வெளிவிட்டம் வளர இடமிருந்து, சுவர் மடியாத தடிப்பில் இருந்தால் குழாய் வெல்லும். வெளிவிட்டம் பூட்டப்பட்டிருந்தால் கெட்டி ஷாஃப்ட்தான் வெல்லும். எந்த அளவைப் பூட்டினோம் என்று எழுதாத ஒப்பீட்டுக்கு மதிப்பெண் தர வேண்டாம்.