சராசரி என்னும் சால்ஜாப்பு

"சராசரியா வருஷத்துக்கு 15 பர்சென்ட் சார்" என்று சொல்லும் ஏஜென்டுகளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போனஸ் வந்தால் பெரிதாகப் போடுவோம், ஊருக்குப் பணம் அனுப்பிய மாதம் ஒன்றும் போட மாட்டோம். நமக்கு எதுக்கய்யா அந்தச் சராசரி?

கணக்கைப் பாருங்கள். 1-1-2022 அன்று ஒரு லட்சம் போடுகிறீர்கள். 40% ஏறி 1.4 லட்சம் ஆகிறது. 1-1-2023 அன்று இன்னும் 9 லட்சம் போடுகிறீர்கள். அந்த வருஷம் 10% இறக்கம். 1-1-2024 அன்று கையில் 9.36 லட்சம். ஏஜென்ட் கணக்கில் (40-10)/2 = 15% லாபம். உங்கள் கணக்கில் 64,000 ரூபாய் அம்பேல்! ஏறியபோது இருந்தது ஒரு லட்சம், இறங்கியபோது இருந்ததோ பத்து லட்சத்துக்கு மேல். சராசரிக்கு இது தெரியாது.

எக்செலில் A1:A3-ல் தேதிகள், B1:B3-ல் -100000, -900000, 936000 என்று போடுங்கள். போட்ட பணத்துக்கு மைனஸ் முக்கியம்.

```
=XIRR(B1:B3,A1:A3,-0.1)
```

விடை வருஷத்துக்கு சுமார் -5.85%. கடைசி -0.1 ஓர் ஊகம். நஷ்டக் கணக்கில் அதை விட்டால் சில சமயம் பூஜ்யத்தை ஒட்டிய தப்பு விடை வரும்.

ஃபண்ட் மேனேஜரின் திறமையை இது அளக்காது, அது வேறு கணக்கு. அதிலும் 1.4 × 0.9 = 1.26, அதாவது கூட்டு வளர்ச்சி வருஷத்துக்கு 12.25% தான். அந்த 15% எந்தக் கணக்கிலும் இல்லை சாமி!