நோட்டீஸைப் படமாக மட்டும் போடாதீர்கள்



நம்ம ஊர்ப் பாடசாலைகளுக்கும் சங்கங்களுக்கும் வெப்சைட் செய்யும் தம்பி தங்கைமாருக்கு இது.

என்னிடம் படித்த பார்வையற்ற மாணவர் ஒருவர், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் NVDA என்ற இலவச மென்பொருளைப் பாவிக்கிறார். போன கிழமை ஒரு தளத்தில் விண்ணப்ப முடிவுத் திகதியைத் தேடினார். அறிவித்தல் முழுக்க ஒரே படம், அழுத்தினால் பெரிதாகும். அவருக்குக் கேட்டது கோப்பின் பெயர் மட்டுந்தான். திகதி படத்துக்குள்ளேயே கிடந்தது. நான் வாசித்துச் சொன்னேன். நான் இல்லாவிட்டால்?

அறிவித்தலைப் படத்தின் கீழே எழுத்தாகவும் போடுங்கள். படத்துக்கு ஒரு வரி விளக்கம் போதும்:

```
<h2>விண்ணப்ப முடிவுத் திகதி</h2>
<img src="notice.jpg" alt="விண்ணப்ப அறிவித்தல், விபரம் கீழே">
```

வெறும் அலங்காரப் படமென்றால் `alt=""` என்று விடுங்கள், மென்பொருள் அதைத் தாண்டிப் போகும்.

மேலே உள்ள `h2` முக்கியம். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் கண்ணுக்கு மட்டுமே அது தலைப்பு. அவர் H விசையை அழுத்தித் தலைப்புத் தலைப்பாகத் தாவுகிறார். `h2` இல்லையென்றால் தாவ இடமில்லை, பக்கத்தை முதலிலிருந்து கேட்கவேண்டி வரலாம்.

மெனுவும் அப்படித்தான். `div`இல் செய்து மவுஸுக்கு மட்டும் வேலை செய்ய வைத்தால் Tab விசை அங்கே போகாது. இணைப்புக்கு `a`, பொத்தானுக்கு `button` போடுங்கள்.

தளத்தை ஒப்படைக்க முன் மவுஸைக் கழற்றிவிட்டு, Tab, Enter இரண்டால் மட்டும் அந்த விண்ணப்பத்தைத் திறந்து பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அவருக்கும் சிரமமாகத்தான் இருக்கும். அதுவரை வேலை முடியவில்லை என்பதே என் கருத்து.