தள்ளுபடியும் நிபந்தனையும் ஒரே படத்தில் இருக்கட்டும்

2017-இல் ஆக்லாந்து மாவட்ட நீதிமன்றம், பைக் பார்ன் என்ற பெயரில் சைக்கிள் கடைகளை நடத்திய நிறுவனத்துக்கு 8 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. சைக்கிள்கள் பழுதானவை அல்ல. பெரிய தள்ளுபடி என்று விளம்பரம் செய்தார்கள். ஆனால் எந்த 'வழக்கமான விலை'யிலிருந்து குறைத்ததாகச் சொன்னார்களோ, அந்த விலைக்கு அவை விற்றதே அரிது. நியூசிலாந்து வணிக ஆணையம் 1986-ஆம் ஆண்டின் நியாய வணிகச் சட்டத்தின்கீழ் தொடுத்த வழக்கு அது.

இன்று இதுபோன்ற தள்ளுபடி விலைகள் கைப்பேசியில் விரலால் தள்ளிப் பார்க்கும் பட வரிசையாக வருகின்றன. இதைக் கரோசல் என்கிறோம். குளிர்காலத் தள்ளுபடி, தீபாவளி, பாக்ஸிங் டே என ஆக்லாந்துக் கடைகளுக்கு எல்லாப் பருவத்திலும் இது வேண்டியிருக்கிறது. இதற்கு வாசகம் எழுதுபவர்கள் பலர் முதல் படத்தில் ஆசையையும் கடைசிப் படத்தில் நிபந்தனையையும் வைக்கிறார்கள். பிழை இங்கேதான் தொடங்குகிறது. கடைசிப் படம் வரை போகிறவர்கள் மிகக் குறைவு. அமெரிக்காவின் நோட்ரடேம் பல்கலைக்கழக முகப்புப் பக்கத்தில் 2013-இல் எண்ணிப் பார்த்தபோது, வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் கரோசலைச் சொடுக்கியிருந்தார்கள். அந்தச் சொடுக்குகளிலும் பெரும்பகுதி முதல் படத்துக்கே போனது. ஆகவே முதல் படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கடைக்கு வருபவருக்கும் கணக்குச் சரியாக இருக்க வேண்டும். எனக்கு இதைவிட முக்கியமான விதி இல்லை.

ஆக்லாந்தின் சாண்ட்ரிங்கம் சாலையில் ஒரு சேலைக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பருத்திச் சேலை 60 டாலர், பட்டு 300 டாலர். தீபாவளிக்குப் பருத்தி பாதி விலை, பட்டுக்கு 20 சதவீதம் குறைவு. '50% வரை தள்ளுபடி' என்று மட்டும் பட்டுச்சேலைப் படத்தின்மேல் எழுதினால், பார்ப்பவர் பட்டு 150 டாலர் என்றே நினைப்பார். 'வரை' என்ற சொல்லைப் பொடி எழுத்தில் போட்டாலும் படம் பேசியது பேசியதுதான். முதல் படத்தில் இப்படி எழுதலாம்: 'பருத்திச் சேலை 60 டாலர், இப்போது 30. பட்டு 300 டாலர், இப்போது 240. அக்டோபர் 12 முதல் 19 இரவு 9 மணி வரை, கடையிலும் இணையத்திலும்.' சதவீதம் இல்லாமலே விலை தெரிந்துவிடுகிறது. புதுவரவுகளுக்குத் தள்ளுபடி இல்லையென்றால் அதுவும் இதே படத்தில் வர வேண்டும்.

இரண்டாம் படத்தில் '100 டாலருக்கு மேல் வாங்கினால் கூடுதலாக 10%' என்று போட ஆசை வரும். அந்த 100, தள்ளுபடிக்கு முன்னா பின்னா? இரண்டு பருத்திச் சேலை எடுத்தவர் பழைய விலையில் 120 டாலருக்கு வாங்கியிருக்கிறார், பில்லில் வருவதோ 60. பில் போடும் இடத்தில் சண்டை வருவது இதனால்தான். பட்டிலும் 20-உம் 10-உம் சேர்ந்து 30 ஆகாது. 240-இல் 10 சதவீதம் போனால் 216, அதாவது மொத்தம் 28 சதவீதம். 'பட்டு 300, தள்ளுபடியில் 240, பில் தொகை 100 டாலரைத் தாண்டுவதால் 216' என்று கணக்கையே எழுதிவிடலாம்.

இதெல்லாம் நேர்மையாக எழுதினாலும், 300 என்ற விலை உண்மையாக இல்லாவிட்டால் வீண். அண்மையில், போதிய காலம், அந்த விலைக்கு உண்மையிலேயே விற்றிருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு அளவே வைத்திருக்கிறது: முந்தைய 30 நாட்களின் மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும். நியூசிலாந்துச் சட்டம் நாள் கணக்குச் சொல்வதில்லை. ஆனால் எந்தக் கூற்றுக்கும் அதைச் சொல்லும்போதே நியாயமான ஆதாரம் இருக்க வேண்டும் என்கிறது. வாசகம் எழுதுபவர் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது பழைய பில்களைத்தான். ஆண்டு முழுக்கத் தள்ளுபடி ஓடும் கடையில் அந்தப் பில்கள் இருக்காது. அங்கே தள்ளுபடி என்ற சொல்லை விட்டுவிட்டு, 'பட்டு 240 டாலர்' என்று மட்டும் எழுதுவதே சரி.

'தள்ளுபடிப் பொருளுக்குப் பணம் திருப்பித் தரமாட்டோம்' என்ற வரியையும் பல கடைகள் பழக்கத்தில் சேர்த்துவிடுகின்றன. மனம் மாறியதற்குத் திருப்பித் தர மறுக்கலாம். சேலையில் குறை இருந்தால், 1993-ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் தள்ளுபடிப் பொருளுக்கும் பொருந்தும். 'மனம் மாறினால் பணம் திருப்பித் தர இயலாது, குறையிருந்தால் கொண்டு வாருங்கள்' என்று எழுத ஒரு வரி போதும்.

முடியும் தேதியை எழுதியபின் 'மக்கள் கேட்டுக்கொண்டதால் நீட்டிப்பு' என்று அடுத்த படம் போடுவதும் ஏமாற்றில்தான் சேரும், முன்பே அப்படித் திட்டமிட்டிருந்தால். கடைசி நாள் என்று நம்பி அவசரமாக வாங்கியவர் இருக்கிறார். 19-ஆம் தேதி இரவு 9 மணி தாண்டியதும் படங்களை எடுத்துவிட வேண்டும், அல்லது முதல் படத்தின்மேல் 'முடிந்தது' என்று எழுத வேண்டும். இல்லையென்றால் நவம்பரில் தேடி வருபவர் கண்ணிலும் அந்த 240 படும்.