அச்சகத்தைத் திட்டுறத நிப்பாட்டுவோம், பிழை நம்ம பக்கம்

பரிசளிப்பு விழா மலரின் பின்னட்டையைப் பார்த்த எல்லோருக்கும் ஒரே பேச்சு: "பிரஸ்காரன் கெடுத்துப் போட்டான்." 24 பிள்ளைகளின் முகங்களை ஒரே படமாகச் சேர்த்த பக்கம் அது. பாதி முகங்கள் கலங்கிப்போய்க் கிடக்கின்றன. பெற்றோரின் கோபம் நியாயமானது, ஆனால் போய்ச் சேர்ந்த விலாசம் பிழை. நாம் கொடுத்த பைலை நான் திறந்து பார்த்தேன்.

அதன் அகலம் வெறும் 1080 பிக்சல். போனில், பேஸ்புக்குக்குப் போடும் அளவில் செய்த படம். ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம். வகுத்துப் பாருங்கள், அங்குலத்துக்கு 130 பிக்சல்தான் வரும். கையில் பிடித்துப் பார்க்கும் அச்சுக்கு 300 வேண்டும், அதாவது முழுப் பக்கத்துக்கும் 2480க்கு 3508. 4 சென்ரிமீற்றர் அகலமுள்ள ஒரு முகத்துக்கு 470 பிக்சல் வேண்டிய இடத்தில் நாம் கொடுத்தது 205.

"நான் கடைசியில 300 ஆக்கித்தானே குடுத்தேன் சேர்" என்கிறார் ஒரு தம்பி. ஆக்கினீர்கள்தான். பிக்சலைக் கூட்டாமல் அந்த எண்ணை மட்டும் மாற்றினால் படம் சிறுக்கும், அவ்வளவுதான். Resample போட்டுப் பெருப்பித்தால், இல்லாத பிக்சலைக் கொம்பியூட்டர் பக்கத்துப் பிக்சலைப் பார்த்து இட்டு நிரப்பும். கண்ணிமை அதில் திரும்பி வராது.

பெனர் மட்டும் நன்றாக வந்ததே என்று கேட்பவர்களுக்கு: பெனரைப் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறோம். அதற்கு அங்குலத்துக்கு 100 இருந்தாலே தாராளம்.

இன்னொரு கொடுமை, சேர்த்த படங்களில் பல வட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்தவை. வட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். அதிலும் குழுப்படத்திலிருந்து ஒரு முகத்தை வெட்டி எடுத்தால் என்ன மிஞ்சும்? பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஜேபெக்காகச் சேமித்து, அதையே திறந்து மறுபடி சேமித்திருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தரம் போகும். முதலில் பாதிக்கப்படுவது எழுத்துத்தான். பிள்ளைகளின் பெயர்களைச் சுற்றி ஊத்தை படிந்த மாதிரித் தெரிவது அதனால்தான்.

வேலையைத் தொடங்க முதலே தாளை 2480க்கு 3508 என்று போட்டிருக்க வேண்டும். லேயர்களுடன் மூல பைலை வைத்திருந்து, முடிவில் ஒரே ஒரு தடவை பிடிஎப் எடுத்து அச்சுக்குக் கொடுத்திருக்க வேண்டும். பெயர்களைப் படமாக்காமல் எழுத்தாகவே விட்டிருந்தால் கூர்மையாக வந்திருக்கும். பேஸ்புக்குக்கு அதே மூலத்திலிருந்து 1080 அகலத்தில் தனியாக ஒரு பிஎன்ஜி எடுத்தால் போதும். பெரியதைச் சிறிதாக்கலாம். நாம் செய்தது தலைகீழ்.

பின்னட்டையை மட்டும் நான் திரும்பச் செய்கிறேன். பிள்ளையின் போட்டோ எடுத்த அதே போனில் மூலப் படம் இருந்தால், வட்ஸ்அப்பில் Document ஆக அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷொட் வேண்டாம்.